சட்டையில் ஒரு பெயர், ரசீதில் வேறு பெயர்: யாரிடம் இணையமும் சிம்மும் வாங்குவது?

போன மாதம் ஈசூனில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவியதுமே ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். "இதைக் கொஞ்சம் பாருப்பா, மூணு மாசத்துல வவுச்சர் வரும்னாங்க, ஆறு மாசம் ஆச்சு. போன் போட்டா அப்படி ஒண்ணும் எங்ககிட்ட இல்லைங்குறாங்க." கடைத்தொகுதி வாசலில் போட்டிருந்த ஒரு சாவடியில் வீட்டு ஃபைபர் இணையத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சாவடியில் பெரிய டெல்கோவின் பெயர், விற்ற இளைஞரின் சட்டையிலும் அதே பெயர், மேசை விரிப்பிலும் அதேதான். எந்த டெல்கோ என்று இங்கே சொல்லப்போவதில்லை, இந்த மாதிரி விற்பனை ஒருவரோடு நிற்பதும் இல்லை.

உறைக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. முதல் தாள் டெல்கோவின் விண்ணப்பப் படிவம். 24 மாத ஒப்பந்தம், மாதம் 39.90 வெள்ளி, கீழே அந்த டெல்கோவின் விதிமுறைகள். எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டாவது தாள் ஒரு சின்ன ரசீது. 'ரவுட்டர் முன்பணம் 120 வெள்ளி, திருப்பித் தரப்படும்' என்றும் '160 வெள்ளி வவுச்சர், 3 மாதம் கழித்து' என்றும் பேனாவால் எழுதியிருந்தது. ரசீதின் தலைப்பில் டெல்கோ முத்திரை பெரிதாக இருந்தாலும், அடியில் பொடி எழுத்தில் இருந்தது நான் கேள்விப்பட்டே இராத ஒரு 'பிரைவேட் லிமிடெட்', அதற்குப் பக்கத்தில் யூஇஎன் எனப்படும் அதன் நிறுவனப் பதிவு எண்.

அதாவது மாமா அன்றைக்கு ஒரே மேசையில் இரண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறார். இணையம் டெல்கோவுடன். வவுச்சரும் முன்பணமும் அந்த முகவர் நிறுவனத்துடன். டெல்கோவின் வாடிக்கையாளர் சேவையில் இருந்த பெண்மணி பொய் சொல்லவில்லை, அவருடைய கணினித் திரையில் 39.90 வெள்ளி திட்டம் மட்டும்தான் இருந்திருக்கும்.

இதை வீட்டில் எல்லாருக்கும் விளக்க வேண்டியிருந்ததால் முழுதாக எழுதுகிறேன். சிங்கப்பூரில் இணையமோ சிம்மோ வாங்கப் போனால் உங்கள் முன்னால் நிற்பது நான்கு வகை ஆட்களில் ஒருவர். சொந்த வலையமைப்பு வைத்திருப்பவர், அவருடைய இன்னொரு பெயர், அவரிடமிருந்து மொத்தமாக வாங்கித் தன் பெயரில் விற்பவர், அவர் பெயரைப் போட்டுக்கொண்டு கமிஷனுக்கு விற்பவர். முதல் மூன்றில் எதை எடுப்பது என்பது வசதியையும் விலையையும் பொறுத்தது. நான்காவது வகையை மற்ற மூன்றோடு குழப்பிக்கொள்வதில்தான் பணம் போகிறது.

முதலில் வீட்டு இணையம். பலரும் தவறாக நினைக்கும் விஷயம் இதுதான்: உங்கள் வீட்டுக்குள் வரும் ஃபைபர் கம்பி நீங்கள் பணம் கட்டும் டெல்கோவுக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இருப்பதும் இல்லை. நாடு முழுக்க வீடுகளுக்குப் போகும் ஃபைபரை வைத்திருப்பது நெட்லிங்க் என்ற நிறுவனம். அது உங்களுக்கு நேரடியாக இணையம் விற்காது, டெல்கோக்களுக்குக் கம்பியை வாடகைக்கு விடும். 2017-இல் பங்குச் சந்தைக்கு வந்தது, அதில் சிங்டெல்லுக்குக் கால் பங்குக்கும் குறைவுதான். வாடகையை ஐஎம்டிஏ, அதாவது தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், ஒழுங்குபடுத்துகிறது. 2024 ஏப்ரலில் இருந்து ஒரு வீட்டுக்கு மாதம் 13.50 வெள்ளி. பெரிய டெல்கோ கேட்டாலும் சின்ன நிறுவனம் கேட்டாலும் அதே விலை.

வரவேற்பறையில் சுவரோரமாக ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும், போய்ப் பாருங்கள். மாமா வீட்டில் அது தொலைக்காட்சி அலமாரிக்குப் பின்னால், தூசி படிந்து, 'ஓப்பன்நெட்' என்ற பழைய பெயரோடு இருந்தது. நெட்லிங்க் பொறுப்பேற்பதற்கு முன்பு ஃபைபர் போட்டது அந்த நிறுவனம்தான். பெட்டியில் வழக்கமாக இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் இப்போதைய இணையம், இன்னொன்று காலி. டெல்கோ மாறும்போது புதியவர் காலித் துளையில் இணைப்பைக் கொடுத்துவிடலாம், பழையதை வேலை செய்யவிட்டபடியே புதியதைச் சோதித்துப் பார்க்கலாம். பெட்டி எந்த டெல்கோவின் சொத்தும் இல்லை என்பதால்தான் இது முடிகிறது.

ஆகவே "எங்களுக்குச் சொந்தக் கம்பி இருக்கு, மத்தவங்க எங்ககிட்ட வாங்கித்தான் விக்கிறாங்க" என்று ஒரு விற்பனையாளர் வீட்டு இணையத்துக்குச் சொன்னால், வாசலிலிருந்து உங்கள் சுவர் வரைக்கும் அது பெரும்பாலும் உண்மையில்லை. நிறுவனங்களுக்கு இடையே வேறுபாடு இருக்கிறது, ஆனால் அது கம்பியில் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவர்கள் வைத்திருக்கும் கருவிகளிலும், வெளிநாட்டுக்குப் போகும் இணைப்பை எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. சிலர் அந்தக் கருவிகளையும் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். சிலர் ஸ்டார்ஹப்பின் துணை நிறுவனமான நியூக்ளியஸ் கனெக்ட் போன்ற மொத்த விற்பனையாளரிடம் அதையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

இணையம் அறுந்துபோகும் நாளில் இது தெளிவாகத் தெரியும். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் முதல் கருவியில் 'LOS' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம்: கம்பி மடங்கியிருக்கிறது, கழன்றிருக்கிறது, இல்லை எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது. அப்போது நீங்கள் எந்த டெல்கோவாக இருந்தாலும் அவர்கள் நெட்லிங்குக்குத்தான் தகவல் கொடுக்க வேண்டும், பெரிய பெயருக்கு நெட்லிங்க் ஆள் சீக்கிரம் வருவார் என்று நினைத்து அதிக விலை கட்ட வேண்டாம். விளக்குகள் எல்லாம் வழக்கம்போல் இருந்து, இணையம் மட்டும் இல்லை என்றாலோ, ராத்திரி ஒன்பது மணிக்கு மட்டும் ஊர்ந்து போகிறது என்றாலோ, ரவுட்டரில் கோளாறு இல்லாதபட்சத்தில் அது டெல்கோ பக்கத்துப் பிரச்சினை. அதற்குத்தான் நல்ல நிறுவனத்தைத் தேட வேண்டும். அதை அக்கம்பக்கத்தில் அதே நிறுவனத்தை வைத்திருப்பவரிடம் கேட்டால் தெரியும், சாவடியில் கேட்டால் தெரியாது.

கைப்பேசிக்கு வந்தால் கதையே வேறு. இங்கே சொந்த வலையமைப்பு என்பதற்கு நிஜமான பொருள் உண்டு. அலைவரிசையும் அலைக்கருவிகளும் வைத்திருப்பவர்கள் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா ஆகிய நான்கு பேர். சிம்பாவுக்கு முன்பு டிபிஜி என்று பெயர். இதிலும் ஒரு முடிச்சு உண்டு. 2020-இல் ஸ்டார்ஹப்பும் எம்1-உம் சேர்ந்துதான் 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலைவரிசையை வாங்கின, அதற்காக ஆன்டினா என்ற கூட்டு நிறுவனத்தை வைத்திருக்கின்றன. அப்படியென்றால் அந்த 5ஜி விஷயத்தில் இந்த இருவரில் யார் சிறந்தவர் என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை.

இந்த நான்கு பேரைத் தவிர மற்ற பெயர்கள் எல்லாம் இவர்கள் வலையில் ஓடுபவை. அவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோமோ சிங்டெல்லின் பெயர், கிகா ஸ்டார்ஹப்பின் பெயர். இவை தனி நிறுவனங்கள் இல்லை, அதே நிறுவனம் கடை இல்லாமல் செயலி வழியாக மலிவாக விற்கும் சரக்கு. சர்க்கிள்ஸ் லைஃப் அப்படியில்லை. அது 2016-இல் எம்1 வலையில் தொடங்கிய தனி நிறுவனம். கட்டணம், செயலி, வாடிக்கையாளர் சேவை, உங்கள் கணக்கு எல்லாம் அவர்களுடையது, அலை மட்டும் வலை வைத்திருப்பவருடையது. மெய்நிகர் டெல்கோ என்று சொல்வது இந்த வகையைத்தான்.

இதில் நடைமுறையில் என்ன வித்தியாசம் என்றால், மெய்நிகர் டெல்கோவின் சிம் வேலை செய்யவில்லை என்று எம்1 கடையில் போய் நின்றால் அவர்களால் உங்கள் கணக்கைத் திறந்துகூடப் பார்க்க முடியாது. அது அவர்கள் அலட்சியம் இல்லை, நீங்கள் அவர்களுடைய வாடிக்கையாளரே இல்லை. அதேபோல் வெளிநாட்டு ரோமிங், இ-சிம், வைஃபை வழி அழைப்பு ஆகியவை எல்லாம் வலை வைத்திருப்பவரிடம் இருக்கிறது என்பதற்காக அவர் வலையில் ஓடுபவரிடமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கூட்டம் நெருக்கும்போது யார் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்பதும் அவர்கள் இரண்டு பேருக்கும் இடையிலான மொத்த விற்பனை ஒப்பந்தத்தைப் பொறுத்தது, அது நம் கண்ணுக்கு வராது. ஒரு மாத ஒப்பந்தமாக எடுத்து, உங்கள் ரயிலில், உங்கள் அலுவலக லிஃப்டில் பார்த்துவிடுவதே வழி. எண்ணை மாற்றாமல் டெல்கோ மாறும் வசதி இங்கே 2008-இல் இருந்து முழுமையாக இருப்பதால் பிடிக்கவில்லை என்றால் வந்துவிடலாம்.

ஒரு சிம் யாருடைய வலையில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள விற்பவரை நம்ப வேண்டிய தேவையே இல்லை. கைப்பேசியின் மேல் மூலையில் தெரியும் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், அந்தப் பெயரை சிம்முக்குள் எதுவாகவும் எழுதி வைக்கலாம். அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். சுற்றியிருக்கும் வலைகளின் பெயர் வரிசையாக வரும், அதில் மெய்நிகர் டெல்கோவின் பெயர் தனி வலையாக இருக்காது. அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தொட்டால் உங்கள் சிம்மை ஏற்றுக்கொள்வது ஒன்றுதான், மற்றவை மறுத்துவிடும். மாமாவின் மருமகள் வைத்திருந்த சிம்மில் இதைச் செய்து காட்டினேன், சிங்டெல்லும் சிம்பாவும் மறுத்து, எம்1-ஐத் தொட்டதும் அலைக்கோடுகள் திரும்பி வந்தன. (முடிந்ததும் தானியங்கித் தேர்வை மறுபடி போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஜோகூர் போய் இறங்கியதும் சிம் வேலை செய்யாமல் நிற்கும்.) இன்னொரு தடயம், அதே அமைப்புகளில் தரவு இணைப்பின் பெயரைக் காட்டும் ஏபிஎன் என்ற வரி. அங்கே `sunsurf` என்று இருந்தால் எம்1 வலை, `e-ideas` என்று இருந்தால் சிங்டெல், `shwap` என்று தொடங்கினால் ஸ்டார்ஹப்.

சரி, நான்காவது ஆளுக்கு வருவோம். மாமாவிடம் வவுச்சர் தருவதாகச் சொன்னவர் இந்த வகை.

முகவர் என்பதாலேயே மோசடி என்று சொல்ல மாட்டேன். டெல்கோ பெயரில் இருக்கும் பல கடைகளே அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்கள் நடத்துபவைதான், ஒழுங்காக நடத்துபவர்கள் நிறைய இருக்கிறார்கள். முகவர் உங்களுக்கு இணையம் தருவதில்லை, உங்களை டெல்கோவிடம் சேர்த்துவிட்டு அதற்குக் கமிஷன் வாங்குகிறார், அவ்வளவுதான். அந்தக் கமிஷனில் ஒரு பங்கை வவுச்சராகவோ, பெட்டியாகவோ, பணமாகவோ உங்களுக்குத் தருவதாகச் சொல்வது அவருடைய சொந்த வாக்குறுதி. டெல்கோவின் படிவத்தில் அது எழுதப்பட்டிருக்காத வரை டெல்கோவைக் கேட்டுப் பயனில்லை.

மாமா போட்ட கணக்கு இப்படி இருந்தது. 39.90 வெள்ளி, 24 மாதம், மொத்தம் 957.60. அதில் 160 வெள்ளி வவுச்சரைக் கழித்தால் 797.60, முன்பணம் 120 எப்படியும் திரும்பி வரும். அதே டெல்கோ தன் இணையத்தளத்தில் அதே வேகத்தை, ரவுட்டரும் சேர்த்து, 35.90 வெள்ளிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது 861.60. ஆக, சாவடி 64 வெள்ளி மலிவு என்று அவருக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. ஆனால் அந்த 64 வெள்ளி லாபம் முழுக்க முகவரின் வாக்குறுதியில் தொங்குகிறது. வவுச்சரும் வராமல் முன்பணமும் திரும்பாமல் போனால் அவர் கையிலிருந்து போவது 1,077.60, அதாவது நேரடியாக வாங்கியதைவிட 216 வெள்ளி அதிகம். சாவடி விலையை ஒப்பிடும்போது டெல்கோ படிவத்தில் அச்சிட்டிருக்கும் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். மாமா அப்படிப் பார்த்திருந்தால் 957.60-க்கும் 861.60-க்கும் நடுவில் யோசிக்க எதுவுமே இருந்திருக்காது.

முகவரை அங்கேயே நின்று அடையாளம் காண மூன்று இடங்கள் போதும். ஒன்று, பேநவ். பணம் கட்டச் சொன்னால் யூஇஎன்-ஐத் தட்டியதும், அனுப்புவதற்கு முன்பு, வங்கிச் செயலி பெறுபவரின் பெயரைக் காட்டும். அந்தத் திரையில் ஒரு நொடி நில்லுங்கள். டெல்கோ பெயருக்குப் பதிலாக வேறொரு 'பிரைவேட் லிமிடெட்' வந்தால் அந்தப் பணம் டெல்கோவுக்குப் போகவில்லை. உள்ளூர் நிறுவனத்தின் யூஇஎன்-இல் முதல் நான்கு எண்கள் அது பதிவான ஆண்டு என்பதும் தெரிந்திருப்பது நல்லது, மாமா ரசீதில் இருந்தது 2023 என்று தொடங்கியது. அப்புறம் ஒன்று, டெல்கோக்களே ஒரே பெயரில் இருப்பதில்லை, ஸ்டார்ஹப் மொபைல், ஸ்டார்ஹப் ஆன்லைன் என்று தனித்தனி நிறுவனங்கள் உண்டு. அதனால் பெயர் கொஞ்சம் மாறியிருக்கிறது என்றதுமே பயந்துவிடாமல், டெல்கோவின் இணையத்தளத்தில் விதிமுறைகளின் கீழே இருக்கும் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஏக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் யூஇஎன்-ஐத் தேடினால் நிறுவனத்தின் பெயரும் இன்னும் இயங்குகிறதா என்பதும் இலவசமாகத் தெரியும்.

இரண்டாவது, சிங்பாஸ். விற்பவர் உங்கள் விவரங்களை எடுக்க ஒரு கியூஆர் குறியீட்டைக் காட்டுவார். உங்கள் கைப்பேசியிலேயே ஸ்கேன் செய்யுங்கள், அவர் கையில் கொடுக்காதீர்கள். சம்மதம் கேட்கும் பக்கத்தில் எந்த நிறுவனம் உங்கள் விவரங்களைக் கேட்கிறது என்று பெயர் வரும். அது டெல்கோவாக இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

மூன்றாவது ஐஎம்டிஏ உரிமப் பட்டியல். வலையமைப்புக் கட்டமைப்பை அமைத்து நடத்துபவர்களுக்கு எஃப்பிஓ என்ற உரிமம், பிறர் கட்டமைப்பை வாடகைக்கு எடுத்துச் சேவை விற்பவர்களுக்கு எஸ்பிஓ என்ற உரிமம். மெய்நிகர் டெல்கோ எஸ்பிஓ பக்கம் இருக்கும், கமிஷன் முகவர் இரண்டிலும் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தப் பட்டியலை ஒரு பக்கமாகத்தான் நம்பலாம்: எஃப்பிஓ உரிமம் உள்ள எல்லாரும் கைப்பேசி வலை வைத்திருப்பவர்கள் இல்லை, கடலடிக் கேபிள் நிறுவனங்களும் அதில் உண்டு. ஆனால் "நாங்களும் ஒரு டெல்கோதான்" என்று சொல்பவர் எதிலுமே இல்லையென்றால் அதுவே பதில்.

தொலைபேசியில் வரும் விற்பனைக்கு இன்னும் எளிய அடையாளம் ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி வரும்படி 2020-இல் இருந்து செய்திருக்கிறார்கள். உள்ளூர் டெல்கோ என்று சொல்லிக்கொண்டு +65 என்று அழைப்பு வந்தால் எடுத்துப் பேச வேண்டிய தேவை இல்லை.

இப்போது நான் எதை எடுப்பேன் என்று சொல்கிறேன். வீட்டு இணையத்துக்கு எந்த நிறுவனமானாலும் அவர்களுடைய இணையத்தளத்திலேயே எடுப்பேன், கம்பி ஒன்றே என்பதால் சின்ன நிறுவனத்துக்கும் தயங்க மாட்டேன். என் சிம்முக்கு மெய்நிகர் டெல்கோ போதும், செயலியில் தட்டச்சு செய்து பதில் வாங்கும் பொறுமை எனக்கு இருக்கிறது. மாமாவின் கைப்பேசிக்கு அதைச் செய்ய மாட்டேன். அவருக்குக் கோளாறு வந்தால் ஒரு கடைக்குள் போய் மனிதரிடம் நீட்ட வேண்டும், அதற்காக மாதம் சில வெள்ளி கூடுதலாகப் போனாலும் வலை வைத்திருப்பவரின் சொந்தப் பெயரிலேயே இருக்கட்டும். சாவடியில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், தருவதாகச் சொல்லும் ஒவ்வொன்றையும் டெல்கோவின் படிவத்துக்குள் எழுதச் சொல்வேன், எழுத மாட்டேன் என்றால் அந்தச் சலுகை இல்லை என்றே கணக்கு போடுவேன்.

வீட்டுக்கதவைத் தட்டி விற்றால் ஒரு பாதுகாப்பு உண்டு. நீங்கள் அழைக்காமல் வந்து விற்றவரிடம் போட்ட ஒப்பந்தத்தை, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். மாமா தானே சாவடிக்குப் போய் நின்றதால் நாங்கள் அந்த வழியை நம்பவில்லை, நாளும் கடந்துவிட்டது. ரசீதைப் படமெடுத்து முகவர் நிறுவனத்தின் பதிவு முகவரிக்கு ஒரு கடிதம், டெல்கோவின் புகார் பிரிவுக்கு அதன் நகல், இரண்டிலும் 14 நாள் கெடு. பன்னிரண்டாம் நாள் 120 வெள்ளி பேநவில் வந்துவிட்டது, டெல்கோ பக்கமிருந்து யாரோ பேசியிருக்க வேண்டும். வவுச்சருக்குப் பதிலே இல்லை. அதற்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடுகிறோம், 5,000 வெள்ளி வரையிலான பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். எதிர்தரப்பு என்ற இடத்தில் மாமா முதலில் டெல்கோ பெயரை எழுதப் போனார். ரசீதின் அடியில் இருக்கும் அந்தப் பொடி எழுத்துப் பெயரை, புள்ளி ஒன்றுகூட விடாமல், யூஇஎன்-உடன் சேர்த்து எழுதச் சொன்னேன்.